ஒன்பது மருந்து, ஒரு வலை: நெட்வொர்க் மெட்டா-அனாலிசிஸ் செய்வது எப்படி, அதன் ரேங்க் பட்டியலை எவ்வளவு நம்பலாம்

டைப் 2 சர்க்கரை நோயாளி ஒருவர் சல்போனிலூரியா வகை மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை. கூட இன்னொரு மருந்து சேர்க்க வேண்டும், எதைச் சேர்ப்பது? மெட்ஃபார்மினா, பையோகிளிட்டசோனா, சிட்டாகிளிப்டினா? எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மோதவிட்ட சோதனை கிடைக்காது. மருந்து கம்பெனிகளுக்குப் பிளசீபோவோடு மோதினாலே போதும், அனுமதி கிடைத்துவிடும். ஆகவே நம் கையில் இருப்பது பெரும்பாலும் "இந்த மருந்து, பிளசீபோ" என்ற ஜோடிகள், நடுநடுவே ஒன்றிரண்டு நேரடி மோதல்கள். இந்தத் துண்டுகளை வைத்து மொத்தப் படத்தைக் கட்டுவதுதான் நெட்வொர்க் மெட்டா-அனாலிசிஸ்.

இதைச் சொல்லித்தர எனக்குப் பிடித்த தரவு ஆர் மொழியின் `netmeta` பேக்கேஜோடு இலவசமாக வரும் `Senn2013`. ஸ்டீஃபன் சென் என்ற புள்ளியியலாளரும் கூட்டாளிகளும் 2013ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. 26 சோதனைகள், ஒன்பது மருந்துகள், கூடப் பிளசீபோ. அளவுகோல் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை, எத்தனை சதவீதப் புள்ளி குறைந்தது என்பது. எண் எவ்வளவு மைனஸில் போகிறதோ அவ்வளவு நல்லது. நீங்களும் கூடவே ஓட்டிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் வரும் பதிலை நம்பலாமா என்று பார்ப்பதற்குத்தான் மீதி நேரமெல்லாம்.

முதல் படி: அட்டவணையைப் படிப்பது

```r
library(netmeta)
data(Senn2013)
Senn2013
```

28 வரிசைகள் வரும். 26 சோதனைக்கு ஏன் 28 என்றால், `Willms1999` என்ற சோதனையில் மூன்று குழுக்கள்: மெட்ஃபார்மின், அகார்போஸ், பிளசீபோ. மூன்று குழுவென்றால் மூன்று ஜோடி, அதனால் அதற்கு மட்டும் மூன்று வரிசை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த மூன்று ஜோடிகளும் தனித்தனிச் சோதனைகள் இல்லை, அதே பிளசீபோ நோயாளிகள்தான் இரண்டு ஜோடிகளில் வருகிறார்கள். `studlab` பத்தியில் மூன்றுக்கும் ஒரே பெயர் இருந்தால் `netmeta` இதைப் புரிந்துகொண்டு எடையைச் சரிசெய்துவிடும். எக்ஸெலில் தட்டும்போது "Willms1999a", "Willms1999b" என்று போட்டுவிட்டீர்களோ, அதே நோயாளிகள் இரண்டு முறை எண்ணப்படுவார்கள், எந்த எச்சரிக்கையும் வராது.

ஒவ்வொரு வரிசையிலும் முக்கியமானவை நான்கு: `treat1`, `treat2`, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான `TE`, அதன் திட்டப்பிழையான `seTE`. குறி எந்தப் பக்கம் என்பதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். `TE` என்பது முதல் மருந்திலிருந்து இரண்டாவதைக் கழித்தது. உங்கள் சொந்தத் தரவில் குழுவாரியாகச் சராசரியும் திட்டவிலக்கமும் நோயாளி எண்ணிக்கையும் இருந்தால் `pairwise()` கொடுத்தால் இந்த வடிவத்துக்கு மாற்றித் தரும், கையால் கழிக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஓட்டி, வலையைப் பார்ப்பது

```r
nm <- netmeta(TE, seTE, treat1, treat2, studlab,
              data = Senn2013, sm = "MD",
              reference.group = "plac", common = FALSE)
netgraph(nm, number.of.studies = TRUE)
```

படத்தைப் பார்த்தவுடன் எண்களுக்குத் தாவ வேண்டாம், கொஞ்ச நேரம் படத்திலேயே இருங்கள். நடுவில் பிளசீபோ, பெரிய ஜங்ஷன் மாதிரி. அங்கிருந்து ரோசிகிளிட்டசோனுக்கு ஆறு சோதனைகள், மெட்ஃபார்மினுக்கு நான்கு. சிட்டாகிளிப்டினுக்கும் வில்டாகிளிப்டினுக்கும் ஆளுக்கொரு சோதனை, அதுவும் பிளசீபோவோடு மட்டும், வேறு எங்கும் இணைப்பில்லாத முட்டுச்சந்து. மிக்லிட்டாலுக்கு மூன்று, பென்ஃப்ளூரெக்ஸுக்கு இரண்டு சோதனைகள் இருந்தாலும் அவையும் பிளசீபோவோடு மட்டும், அதே முட்டுச்சந்துதான். சல்போனிலூரியா விநோதமான இடத்தில் இருக்கிறது: பிளசீபோவோடு நேரடிக் கோடே இல்லை, ஆனால் ரோசிகிளிட்டசோன், மெட்ஃபார்மின், அகார்போஸ் மூன்றோடும் ஒவ்வொரு கோடு. இதை நினைவில் வையுங்கள், இந்தக் கட்டுரையின் மீதிப்பாதி இதைச் சுற்றித்தான்.

முட்டுச்சந்து மருந்துகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவற்றின் எண்ணைச் சரிபார்க்க வேறு வழியே கிடையாது. பிளசீபோவோடு நடந்த அந்த ஒன்றிரண்டு சோதனைகள் சொன்னதுதான் வேதவாக்கு.

மூன்றாம் படி: ஒரு மறைமுக ஒப்பீட்டைக் கையால் போடுவது

சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று தெரியாமல் அதன் பதிலை வைத்துக்கொண்டு முழிக்கக் கூடாது, ஒரே ஒரு ஒப்பீட்டையாவது பேனா பிடித்துப் போட்டுவிடுங்கள். சல்போனிலூரியாவுக்கும் பிளசீபோவுக்கும் எவ்வளவு வித்தியாசம்? நேரடிச் சோதனை இல்லை. ஆனால் அகார்போஸ் வழியாகப் போகலாம். `Costa1997` அகார்போஸைப் பிளசீபோவோடு ஒப்பிட்டது: -0.80, திட்டப்பிழை 0.143. `Oyama2008` அகார்போஸை சல்போனிலூரியாவோடு ஒப்பிட்டது: -0.40, திட்டப்பிழை 0.155. அகார்போஸ் பிளசீபோவைவிட 0.80 குறைக்கிறது, சல்போனிலூரியாவைவிட 0.40 குறைக்கிறது, அப்படியானால் சல்போனிலூரியா பிளசீபோவைவிட 0.40 குறைக்க வேண்டும்.

```
-0.80 - (-0.40) = -0.40
sqrt(0.143^2 + 0.155^2) = 0.211
-0.40 ± 1.96 × 0.211  →  -0.81 … 0.01
```

கழித்தது வித்தியாசத்தை, ஆனால் பிழைகளைக் கூட்டினோம், கவனித்தீர்களா. மறைமுகமாகப் போகும் ஒவ்வொரு கூடுதல் தாவலுக்கும் இந்த விலை உண்டு. இதற்கு பூக்கர் முறை என்று பெயர், 1997ல் வந்தது. நெட்வொர்க் மாடல் செய்வது இதையேதான், எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் நடந்து, ஒவ்வொரு வழியின் துல்லியத்துக்கேற்ப எடை போட்டுச் சராசரி எடுக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று: கோஸ்டா சோதனையின் பிளசீபோ குழுவையும் ஓயாமா சோதனையின் சல்போனிலூரியா குழுவையும் அப்படியே நேராக ஒப்பிடவில்லை. அப்படிச் செய்தால் ரேண்டமைசேஷனே போய்விடும். ஒவ்வொரு சோதனைக்குள்ளும் இருக்கும் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வித்தியாசங்களைத்தான் கழிக்கிறோம்.

நான்காம் படி: மூன்று வழியும் ஒரே ஊருக்குப் போகிறதா?

சரி, அகார்போஸ் வழி -0.40 சொன்னது. மெட்ஃபார்மின் வழியாகப் போய்ப் பார்ப்போம். மெட்ஃபார்மின் பிளசீபோவைவிடச் சுமார் 1.13 குறைக்கிறது, `Alex1998` சோதனையில் சல்போனிலூரியாவைவிட 0.37 குறைத்தது. கழித்தால் சல்போனிலூரியாவுக்குக் கிட்டத்தட்ட -0.75. ரோசிகிளிட்டசோன் வழி? பிளசீபோவைவிடச் சுமார் 1.2 குறைக்கிறது, `Vongthavaravat2002` சோதனையில் சல்போனிலூரியாவைவிடவும் அதே 1.20. கழித்தால் பூஜ்யம்.

ஒரே கேள்விக்கு மூன்று பதில்: -0.75, -0.40, 0. நெட்வொர்க் மாடலைக் கேளுங்கள், -0.42 என்று சொல்லும். அழகாக நடுவில் நிற்கிறது, அதன் பின்னால் ஒரு சண்டை நடப்பது அந்த எண்ணைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

சண்டை எதனால்? இந்தத் தரவின் தலைப்பை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள், ஏற்கெனவே சல்போனிலூரியா சாப்பிடுகிறவர்களுக்கு கூடுதலாக என்ன சேர்ப்பது என்பதுதான் கேள்வி. `Vongthavaravat2002`ல் ஒரு குழுவுக்கு சல்போனிலூரியாவோடு ரோசிகிளிட்டசோன், இன்னொரு குழுவுக்கு சல்போனிலூரியா மட்டும், பிளசீபோ மாத்திரை இல்லாத வெளிப்படைச் சோதனை. "சல்போனிலூரியா மட்டும்" என்றால் எதுவும் சேர்க்கவில்லை என்று அர்த்தம், மற்ற சோதனைகளில் பிளசீபோ குழு என்று சொல்லப்படுவதும் கிட்டத்தட்ட அதேதான். பூஜ்யம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. ஒரு வரிசையில் ஒட்டிய ஒரு லேபிள், வலையில் தனி மருந்தாக நிற்கிறது.

டிரான்சிடிவிட்டி என்று பாடப்புத்தகம் பெரிதாகச் சொல்வது நடைமுறையில் இதுதான். எந்தச் சோதனையிலிருந்து வந்தாலும் வலையின் ஒரு முனை, அதாவது ஒரு மருந்தின் பெயர், ஒரே பொருளாக இருக்க வேண்டும். சோதனைகளில் நோயாளிகளும் ஒத்த மாதிரி இருக்க வேண்டும். தொடக்க ஹெச்பிஏ1சி அதிகமாக இருந்தால் எந்த மருந்துக்கும் இறக்கம் அதிகமாகத் தெரியும், அது ஊரறிந்த விஷயம். ஆகவே கணக்கு ஓட்டும் முன்பே ஒரு அட்டவணை போட வேண்டும்: ஒவ்வொரு ஜோடிக்கும் தொடக்க ஹெச்பிஏ1சி, எத்தனை வாரம் நடந்தது, அடிப்படை மருந்தின் டோஸ், கண்கட்டுச் சோதனையா வெளிப்படையா. இதை சாஃப்ட்வேர் செய்யாது, கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துத்தான் ஆக வேண்டும், அலுப்பான வேலை, ஆனால் லேபிள் தவறு எல்லாம் அங்கேதான் மாட்டும்.

ஐந்தாம் படி: முரண்பாட்டை அளப்பது, அதில் ஏமாறாமல் இருப்பது

```r
decomp.design(nm)
netsplit(nm)
```

முதல் கட்டளை மொத்தச் சிதறலை இரண்டாகப் பிரிக்கும். ஒரே மாதிரி ஜோடிகளை ஒப்பிட்ட சோதனைகளுக்குள் இருக்கும் சிதறல் ஒன்று, வெவ்வேறு வழிகளுக்கிடையே இருக்கும் முரண்பாடு இன்னொன்று. இந்தத் தரவில் மொத்தம் 96.99, அதில் உள்ளே இருப்பது 74.46, வழிகளுக்கிடையே 22.53. இரண்டாவதற்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 7, பி-மதிப்பு 0.002. முரண்பாடு இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறது.

அதே வெளியீட்டில் இன்னும் கொஞ்சம் கீழே போனால் ரேண்டம் எஃபெக்ட் மாடலுக்கான வரி இருக்கும்: 2.19, பி-மதிப்பு 0.95. முரண்பாடே இல்லையாம்! பலர் இந்த வரியை மட்டும் எடுத்துத் தீசிஸில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். நடந்தது என்னவென்றால், சோதனைகளுக்குள் சிதறல் அவ்வளவு பெரியது, மாடல் அதை `tau` என்ற ஒரு எண்ணில் போட்டு எல்லாச் சோதனைகளின் பிழையையும் ஊதிப் பெரிதாக்குகிறது, ஊதிய பிறகு எதுவும் எதோடும் முரண்படுவதாகத் தெரியாது. இரைச்சலான சந்தையில் இரண்டு பேர் சண்டை போட்டால் காதில் விழாத மாதிரி.

எவ்வளவு இரைச்சல் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் இரண்டு வரிசைகள் போதும். மெட்ஃபார்மின் எதிர் பிளசீபோ: `DeFronzo1995` சொல்வது -1.90, `Lewin2007` சொல்வது -0.82. இரண்டுமே துல்லியமான சோதனைகள், திட்டப்பிழை 0.14, 0.10. ஒரே மருந்து, ஒரே ஒப்பீடு, ஒரு முழுப் புள்ளிக்கு மேல் வித்தியாசம். இந்த இரண்டுக்கும் சராசரி எடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இந்தத் தரவில் `tau` சுமார் 0.33. இது எல்லா ஜோடிக்கும் பொது என்று மாடல் எடுத்துக்கொள்கிறது. அதன் விளைவை சிட்டாகிளிப்டினில் பாருங்கள். அதன் ஒரே சோதனை `Hermansen2007`, -0.57, திட்டப்பிழை 0.129. தனியாகப் பார்த்தால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி -0.82 முதல் -0.32 வரை, வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. வலைக்குள் போட்டவுடன்:

```
sqrt(0.129^2 + 0.33^2) = 0.354
-0.57 ± 1.96 × 0.354  →  -1.26 … 0.12
```

பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது. சிட்டாகிளிப்டின் பற்றி புதிதாக எதுவும் தெரியவரவில்லை, மெட்ஃபார்மின் சோதனைகள் தங்களுக்குள் போட்ட சண்டையின் செலவை அது கட்டுகிறது. இதை மாடலின் குறை என்று முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. இன்னொரு சிட்டாகிளிப்டின் சோதனை நடந்திருந்தால் அதுவும் அந்த அளவு தள்ளி வந்திருக்கக்கூடும் என்பதைத்தான் அது சொல்ல வருகிறது. ஆனால் முடிவை எழுதும்போது இந்த அகலம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்தால்தான் நேர்மை.

`netsplit` ஒவ்வொரு ஜோடிக்கும் நேரடி மதிப்பையும் மறைமுக மதிப்பையும் தனித்தனியே காட்டும். இரண்டும் இருக்கும் ஜோடிகளை மட்டும் பாருங்கள், பி-மதிப்பை விட்டுவிட்டு இரண்டு எண்களும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். இவ்வளவு குறைவான சோதனைகளில் பி-மதிப்புக்கு முரண்பாட்டைக் கண்டுபிடிக்கும் வலு இல்லை.

ஆறாம் படி: ரேங்க்

எல்லாரும் காத்திருந்த இடம்.

```r
netrank(nm, small.values = "desirable")
```

இதில் முதல் தடவை நான் மாட்டியது `small.values`. வேறொரு தரவில் அதிகம் என்றால் நல்லது, அந்தப் பழைய ஸ்கிரிப்டை அப்படியே ஒட்டினேன், பிளசீபோ முதலிடத்தில் வந்து நின்றது. நல்லவேளை பிளசீபோ இருந்தது, இல்லாவிட்டால் தலைகீழ்ப் பட்டியலைப் பெருமையாக மீட்டிங்கில் காட்டியிருப்பேன்.

சரியாக ஓட்டினால் வருவது: ரோசிகிளிட்டசோன் 0.89, மெட்ஃபார்மின் 0.78, பையோகிளிட்டசோன் 0.77, மிக்லிட்டால் 0.61, அகார்போஸ் 0.52, பென்ஃப்ளூரெக்ஸ் 0.44, வில்டாகிளிப்டின் 0.42, சிட்டாகிளிப்டின் 0.33, சல்போனிலூரியா 0.21, பிளசீபோ 0.01. இது பி-ஸ்கோர். பேசியன் முறையில் ஓட்டுபவர்கள் சுக்ரா என்று சொல்வதும் நடைமுறையில் இதே சங்கதிதான்.

இந்த எண் என்ன? மருந்து எவ்வளவு நல்லது என்பதன் மதிப்பெண் இல்லை. மற்ற ஒன்பது எதிரிகளில் ஒவ்வொருவரையும் இது ஜெயிப்பதற்கு எவ்வளவு நிச்சயம் என்று கணக்கிட்டு, அந்த ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் வகுத்தது. சிட்டாகிளிப்டினுக்கு இரண்டு எதிரிகளை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். பிளசீபோவோடு: 0.57ஐ 0.354ஆல் வகுத்தால் 1.61, அதற்கான நிச்சயம் சுமார் 0.95. வில்டாகிளிப்டினோடு: வித்தியாசம் 0.13, பிழை 0.50, சிட்டாகிளிப்டின் மேலாக இருக்கும் நிச்சயம் சுமார் 0.40. அதாவது இந்த இருவரில் யார் மேல் என்பது அறுபதுக்கு நாற்பது, சுண்டிய காசைவிடக் கொஞ்சம்தான் மேல். பட்டியலில் ஒருவர் ஏழாமிடம், ஒருவர் எட்டாமிடம் என்று பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

மேலே இருப்பவர்களையும் பாருங்கள். ரோசிகிளிட்டசோன் -1.23, மெட்ஃபார்மின் -1.13. இடையே 0.1 புள்ளி, அந்த வித்தியாசத்தின் நம்பிக்கை இடைவெளி பூஜ்யத்தின் இரு பக்கமும் தாராளமாகப் போகிறது. சர்க்கரை மருந்துகளில் "மோசமில்லை" என்று நிரூபிக்க வைக்கும் எல்லையே வழக்கமாக 0.3 அல்லது 0.4 புள்ளி. 0.1 என்பது மருத்துவருக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் பட்டியலில் அது தங்கப் பதக்கத்துக்கும் வெள்ளிப் பதக்கத்துக்கும் இடையே உள்ள தூரம்.

"முதலிடம் பெறும் வாய்ப்பு" என்று தனியாக ஒரு எண் போடும் வழக்கமும் உண்டு, அதை நான் பயன்படுத்துவதே இல்லை. கொஞ்சம் பேரிடம் மட்டும் சோதித்த, பெரிய பிழையுள்ள மருந்துக்கு அது சாதகமாக இருக்கும். ஏனென்றால் அகலமான இடைவெளியின் ஒரு நுனி எப்படியும் உச்சியைத் தொடும். அதே மருந்து கடைசியாக வரும் வாய்ப்பும் அதிகம்தான், அதை யாரும் அச்சடிப்பதில்லை.

ஏழாம் படி: லேபிளை மாற்றி மறுபடி ஓட்டுவது

அந்த சல்போனிலூரியா விவகாரத்துக்கு வருவோம். `Vongthavaravat2002`ல் இருக்கும் முனையைப் பிளசீபோவாக மாற்றுங்கள்.

```r
d <- Senn2013
d$treat2[d$studlab == "Vongthavaravat2002"] <- "plac"
nm2 <- netmeta(TE, seTE, treat1, treat2, studlab,
               data = d, sm = "MD",
               reference.group = "plac", common = FALSE)
netrank(nm2, small.values = "desirable")
```

இப்போது சல்போனிலூரியாவுக்கு பூஜ்யம் சொன்ன வழி போய்விட்டது. மிச்சம் இரண்டு வழிகள், -0.40 சொன்னதும் -0.75 சொன்னதும். புது மதிப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கோ விழும், சிட்டாகிளிப்டினின் -0.57 இருப்பதும் அங்கேதான். நோயாளி எவரும் மாறவில்லை, ஒரு சொல் மாறியது, ஒன்பதாமிடத்தில் பரிதாபமாக இருந்தது மேலே நகர்கிறது. இப்படி சந்தேகமான ஒவ்வொரு சோதனைக்கும் ஒருமுறை மாற்றியோ எடுத்தோ ஓட்டிப் பாருங்கள். ரேங்க் ஆடினால், எந்தெந்த இடங்கள் ஆடின என்று அறிக்கையில் எழுதுங்கள்.

எழுதும்போது

முதல் பக்கத்தில் ரேங்க் பட்டியலைப் போடாதீர்கள். `netleague(nm)` தரும் ஜோடிவாரி அட்டவணைதான் முதலில் வர வேண்டும், இடைவெளிகளோடு. அப்புறம் மருந்துகளை வரிசையாக அடுக்காமல் கூட்டமாகப் பிரிக்கலாம்: பிளசீபோவைவிட நிச்சயமாக மேல் என்று சொல்லக்கூடியவை, சொல்ல முடியாதவை. இந்தத் தரவில் முதல் கூட்டத்தில் ஏழு மருந்துகள் வரும், வில்டாகிளிப்டின் விளிம்பில் நிற்கும். சிட்டாகிளிப்டினும் சல்போனிலூரியாவும் இரண்டாவதில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை சோதனை, எத்தனை வழி என்று எழுதிவிடுங்கள்.

அப்புறம், அந்த முதலிடக்காரர். ரோசிகிளிட்டசோன் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2007ல் ஒரு மெட்டா-அனாலிசிஸ் சொன்னது, 2010ல் ஐரோப்பாவில் விற்பனை நிறுத்தப்பட்டது, இந்தியாவும் அதே ஆண்டு தடை செய்தது. அமெரிக்காவில் 2010ல் போட்ட கட்டுப்பாடுகளைப் பிறகு, 2013ல், தளர்த்தினார்கள், ஏனென்றால் இதயச் சோதனைத் தரவை மறுபடி பரிசீலித்தபோது அபாயம் உறுதியாகவில்லை. ஆறாமிடத்தில் இருக்கும் பென்ஃப்ளூரெக்ஸ் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 2009ல் பிரான்ஸில் விலக்கிக்கொள்ளப்பட்டது. பி-ஸ்கோரில் இவற்றுக்கு இடமில்லை, நாம் கேட்டது ஹெச்பிஏ1சி பற்றி மட்டும். பாதுகாப்புக்குத் தனி வலை கட்ட வேண்டும், ஆனால் சர்க்கரையை அளக்க நடத்திய சோதனைகள் பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும், அதற்குள் இதய வால்வு கெட்டது தெரியவராது, வலையில் போட அங்கே எண்ணே இருக்காது.